யோகமலர் ரீச்சருக்குக் கேட்ட பாதி

எங்கள் தமிழ்ப் பள்ளிக்குச் சொந்தக் கட்டடம் கிடையாது. சிட்னியின் மேற்குப் பக்கம், ரயில் பாதைக்கு அருகே ஓர் அரசுப் பள்ளியின் வகுப்பறைகளைச் சனிக்கிழமைகளில் மட்டும் வாடகைக்கு எடுத்திருக்கிறோம். வெள்ளைப் பலகையில் வெள்ளிக்கிழமை எழுதி வைத்ததை அழிக்கக் கூடாது, மேசைக்குள் இருக்கும் பென்சிலைத் தொடக் கூடாது, போகும்போது கதிரைகளைத் தூக்கி மேசைமேல் கவிழ்த்துவிட்டுப் போகவேண்டும். இந்த விதிகளில் ஒன்றைக்கூட மீறாமல் இத்தனை காலம் அங்கே தமிழ் சொல்லிக் கொடுத்தவர் யோகமலர் ரீச்சர். ஐந்தாம் ஆண்டும் ஆறாம் ஆண்டும் அவருடையவை. நான் அடுத்த அறையில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன்.

ஊரில் அவர் ஆசிரியராக இருந்தவர் அல்ல. இங்கே வந்து பாண் சுடும் தொழிற்சாலையில், தட்டுகள் ஓடிக்கொண்டே இருக்கும் வரிசையில் நின்று வேலை செய்து ஓய்வு பெற்றவர். வாரநாளில் மாவும் சனிக்கிழமையில் தமிழும் என்று அவர் கை எப்போதும் எதையோ பிசைந்துகொண்டிருந்தது என்று அவருடைய கணவர் பத்மசீலன் கேலி செய்வார்.

பழமொழி என்றால் ரீச்சருக்குத் தனிப் பிடிப்பு. "வீடுகளில பெரியாக்கள் பாதிதான் சொல்லுவினம். மிச்சத்தைக் கேக்கிறவைதான் மனசுக்குள்ள முடிக்க வேணும். இஞ்ச பிறந்த பிள்ளையளுக்கு அந்தப் பாதியே காதில விழுறேல்ல. பிறகு எப்பிடி முடிக்கிறது?" என்பார். அதனால்தான் எங்கள் வருடாந்தப் போட்டியில் பழமொழிச் சுற்று வந்தது. சின்னவர்களுக்கு எழுத்தில். இடப்பக்கம் முதல் பாதிகள், வலப்பக்கம் கலைத்துப் போட்ட மறுபாதிகள். கோடிட்டு இணைக்க வேண்டும். பெரியவர்களுக்கு வாயால். நடுவர் முதல் பாதியைப் படிப்பார், பிள்ளை மறுபாதியைச் சொல்லி, பிறகு பொருளையும் சொல்ல வேண்டும்.

கேள்வித்தாள் தயாரிப்பதில் ரீச்சரை யாரும் மிஞ்ச முடியாது. நான் ஒருமுறை ஒரு தாள் செய்து காட்டினேன். படித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இதை என்ர பேரப்பிள்ளை தமிழ் தெரியாமலே செய்து போடுவான்."

"ஏன் ரீச்சர்?"

"ரெண்டாம் எழுத்தைப் பாரும். இந்தப் பக்கம் 'னை' வந்தா அந்தப் பக்கமும் 'னை' வருகிற ஒண்டுதான் இருக்கு. பிள்ளையள் பொருளைப் பாக்கிறேல்ல, எதுகையைப் பாத்துக் கோடு கீறிப் போடுங்கள். அதே ஓசையில சொந்தமில்லாத பாதி ஒண்டையும் கூடப் போடும். அப்பத்தான் யோசிப்பினம்."

பொருள் பொருத்துவதிலும் அப்படித்தான். புத்தகத்தில் இருக்கும் விளக்கத்தை ஒப்புவித்தால் அரைப் புள்ளி. அவர் ஒரு நிலைமையைச் சொல்வார்: "நிலான் ஸ்கூல் பேச்சுப் போட்டிக்கு முதல் நாள் வரைக்கும் கேம் விளையாடினவன். மேடையில ஏறினதும் அழுகிறான். என்ன பழமொழி சொல்லலாம்?" சரியானதைத் தேர்ந்தெடுத்தால்தான் முழுப் புள்ளி. இந்தியாவிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளை ஒரு சொல்லை மாற்றிச் சொன்னால், "அதுவும் சரிதான், அவையிட வழக்கம்" என்று ஏற்றுக்கொள்வார். ஆனால் எழுத்துப் பிழை மட்டும் ஆகாது. ஓரெழுத்து மாறினால் பொருள் கவிழ்ந்துவிடும் என்பதை ஒவ்வொரு வகுப்பிலும் சொல்வார்.

ஆரபி அந்த வகுப்புக்கு வந்தபோது பத்து வயது. பிறந்ததிலிருந்தே காது கேளாது. சின்ன வயதிலேயே சத்திரசிகிச்சை செய்து, காதுக்குப் பின்னால் ஒரு வட்டக் கருவி ஒட்டிக்கொண்டிருக்கும். தலைமயிரை அதற்கு மேலே இழுத்து மறைக்க மாட்டாள். அதன்மேல் மயில் நீலத்தில் ஒரு ஸ்டிக்கர்கூட ஒட்டியிருந்தாள். அவளுடைய அப்பா நிமலன் எலெக்ட்ரிஷியன். ஆரம்பத்தில் யாரோ ஒருவர், இந்தப் பிள்ளைக்கு ஒரு மொழியே போதும் என்று சொல்லிவிட, வீட்டில் தமிழை நிறுத்திவிட்டார்கள். பிறகு வந்த பேச்சுப் பயிற்சிக்காரி, ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டாளாம். அதன்பிறகுதான் தமிழ்ப் பள்ளி.

ரீச்சர் அவளுக்காகச் செய்த முதல் காரியம், பழமொழித் தொகுப்பிலிருந்து ஒன்றைச் சொல்லாமல் தாண்டிப் போனது. காது கேளாதவரையும் சங்கையும் பற்றிய பழமொழி அது. வகுப்பு முடிந்து மற்றப் பிள்ளைகள் போனதும் ஆரபி புத்தகத்தோடு வந்து நின்றாள்.

"ரீச்சர், இந்தப் பக்கத்தில ஒண்டை நீங்கள் படிப்பிக்கேல்ல."

"நேரம் போதேல்லயம்மா."

"இல்லை. என்னாலதானே?"

ரீச்சர் பதில் தேடுவதற்குள் அவளே தொடர்ந்தாள்.

"இதுக்குப் பொருள் வீண் வேலை எண்டு போட்டிருக்கு. ஆனா ரீச்சர், அந்தச் சங்கு ஊதின ஆள் ஏன் பின்னால நிண்டு ஊதினவர்? முன்னால வந்து கையைக் காட்டியிருக்கலாமே. அவர்தான் யோசிக்கேல்ல."

அடுத்த வாரம் ரீச்சர் அதைப் படிப்பித்தார். இரண்டு பொருளையும் பலகையில் எழுதினார். எங்களிடம் தேநீர் இடைவேளையில் அதைச் சொல்லிச் சொல்லிப் பூரித்துப்போனார். ஆரபி வாயைத் திறந்தால் அந்த அறை கேட்கும் என்பார்.

அந்த வருடப் போட்டி ஓகஸ்ட்டில் நடந்தது. பெற்றோர் கூட்டம் கூடிவிட்டதால் பள்ளி மண்டபத்தில் வைத்தார்கள். மண்டபத்துக்கு மைக் வேண்டும் என்று யாரோ ஒரு தகப்பன் கொண்டுவந்தார். இத்தனை வருடமும் வகுப்பறையில், மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நடந்த சுற்று அது. யோகமலர் ரீச்சர் நடுவர். நேரம் பார்த்து மணி அடிப்பவர் எங்கள் இன்னோர் ஆசிரியரான றெஜினோல்ட் சேர். நான் அடுத்த அறையில் சின்னவர்களின் கோடுகளைக் கண்காணித்துக்கொண்டிருந்தேன். நடந்ததை இரண்டு பேரும் பின்னர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஆரபியின் முறை வந்தது. "மைக்கை வாய்க்குக் கிட்டப் பிடியம்மா," என்றார் ரீச்சர். அவள் கிட்டப் பிடித்தாள். அவளுக்கு வந்தது விதைப்பையும் அறுப்பையும் பற்றிய பழமொழி. இரண்டு பாதியும் ஒரே அச்சில் வார்த்தவை. ஒரு பாதியில் வினை, மறுபாதியில் தினை. மற்றச் சொற்கள் அப்படியே திரும்ப வரும். ரீச்சர் வினைப் பாதியைப் படித்தார். ஆரபி தினைப் பாதியைச் சொன்னாள்.

ரீச்சர் தலையை ஆட்டினார். "நான் சொன்னதையே திருப்பிச் சொல்லுறீர் பிள்ளை. மறுபாதி?"

ஆரபி மறுபடியும் அதையே சொன்னாள், இன்னும் சத்தமாக.

"இல்லையம்மா. சரி, பரவாயில்லை. அடுத்த கேள்வி."

மண்டபத்தில் ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது. பின்வரிசையில் ஓர் அம்மா பக்கத்திலிருந்தவரிடம், "பாவம், அந்தப் பிள்ளைக்கு உச்சரிப்பு வராதுதானே," என்றார். அந்த ஒரு வாக்கியம் வரிசை வரிசையாக நகர்ந்து முன்னால் வந்துவிட்டது. ஆரபிக்குப் பரிசு கிடைக்கவில்லை. முடிவில் பள்ளி அதிபர் எழுந்து, அவளுடைய விடாமுயற்சிக்கு ஒரு சிறப்புப் பரிசு என்று அறிவித்தார். எல்லோரும் எழுந்து கை தட்டினார்கள். ஆரபி கதிரையை விட்டு எழவில்லை.

"எனக்கு அது வேண்டாம்," என்றாள். "நான் சரியாச் சொன்னனான்."

கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்த நேரம் நிமலன் கைத்தொலைபேசியோடு ரீச்சரிடம் வந்தார். மகளும் பின்னாலேயே வந்தாள். றெஜினோல்ட் சேரும் நின்றார். நானும் அப்போதுதான் வெளியே வந்தேன்.

"ரீச்சர், கோவிக்காதேங்கோ. நான் வீடியோ எடுத்தனான். ஒருக்காக் கேளுங்கோ."

ரீச்சர் தொலைபேசியைக் காதோடு வைத்துக் கேட்டார். முகம் தெளிந்தது.

"பாத்தீங்களே? வினை எண்டுதானே சொல்லுறா. ரெண்டு தரமும் வினை. நான் என்ன செய்யிறது தம்பி, எனக்கும் அந்தப் பிள்ளையில விருப்பம்தான். ஆனா சொன்னதுக்குத்தானே புள்ளி போடலாம்."

தொலைபேசியிலிருந்து வந்தது எனக்குத் தெளிவாகக் கேட்டது. தினை. சந்தேகத்துக்கே இடமில்லை. றெஜினோல்ட் சேர் தரையைப் பார்த்தார்.

"சேர், உங்களுக்கு என்ன கேட்டது?" என்றார் ரீச்சர்.

"மண்டபத்தில எனக்கும் ஒரு சந்தேகம் வந்ததுதான் ரீச்சர். நீங்கள் சொன்னா அது சரியாத்தான் இருக்கும் எண்டு..."

"நான் அதைக் கேக்கேல்ல. இப்ப என்ன கேட்டது?"

"தினை," என்றார் அவர், மிக மெதுவாக.

அதுவும் ரீச்சருக்குப் பிடிபடவில்லை போல. றெஜினோல்ட் சேரின் வாயையே பார்த்தார். அப்போது ஆரபி முன்னால் வந்து, ரீச்சரின் முகத்துக்கு நேரே நின்றாள். அவள் குரலில் கோபம் இருக்கவில்லை. தனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு விஷயத்தைச் சொல்லும் நிதானம்தான் இருந்தது.

"ரீச்சர், உங்களுக்குக் கேக்கேல்ல. வகுப்பில நீங்கள் எங்கட வாயைப் பாப்பீங்கள். நானும் அப்பிடித்தான் பாக்கிறனான், அதால எனக்குத் தெரியும். இண்டைக்கு மைக் மறைச்சுப் போட்டுது. 'வி' எண்டா பல்லு உதட்டில படும். 'தி' எண்டாப் படாது."

"எனக்கோ? எனக்குக் கேக்காதோ?" ரீச்சரின் குரல் உயர்ந்தது. "இந்த மைக் சரியில்லை. மண்டபம் முழுக்க எதிரொலி. பிள்ளை, பெரியாக்களோட கதைக்கிற முறை இது இல்லை."

கைப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்றைக்குத்தான் முதல்முறையாக அவருடைய அறையில் கதிரைகள் கவிழ்க்கப்படாமல் கிடந்தன. நானும் றெஜினோல்ட் சேரும் தூக்கி வைத்தோம்.

வீட்டில் பத்மசீலனிடம் நடந்ததைக் கொட்டியிருக்கிறார். அந்தப் பிள்ளை இப்படிச் சொல்லிப்போட்டுதே, றெஜினோல்ட்டும் சேர்ந்துகொண்டாரே என்று. அவர் சோற்றுத் தட்டை வைத்துவிட்டு எழுந்து, மேசையைச் சுற்றி வந்து, மனைவிக்கு எதிரில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாராம்.

"இஞ்சாருமப்பா. நான் உம்மோட கதைக்கேக்க எப்பவும் இப்பிடி முன்னால வந்துதானே கதைக்கிறன். ஏனெண்டு யோசிச்சனீரே?"

"ஏன்?"

"பின்னால நிண்டு கூப்பிட்டா நீர் திரும்பிறேல்ல. முதல்ல கோவம் எண்டு நினைச்சன். என்ன பிழை விட்டனான் எண்டு நாள் முழுக்க யோசிப்பன். பிறகு விளங்கிச்சு. சொன்னா மனம் நோவீர் எண்டு நான் நடையை மாத்திக்கொண்டன். டிவிச் சத்தத்துக்குப் பக்கத்து வீட்டு லீசா வந்து கதவைத் தட்டினதும் உமக்குத் தெரியாது. அவளுக்குக் கேக் குடுத்து அனுப்பினனான்."

ரீச்சர் இதை எனக்குச் சொன்னபோது, அந்த லீசா விஷயம்தான் தன்னை உடைத்தது என்றார். அதுவரைக்கும் இந்த நாட்டில் யாரும் வாயைத் திறந்து கதைப்பதில்லை என்றுதான் நினைத்திருந்தாராம். பிள்ளைகள் முணுமுணுக்கிறார்கள், கடைக்காரி முணுமுணுக்கிறாள், மருமகன் முணுமுணுக்கிறான். உலகமே குரலைத் தாழ்த்திவிட்டது என்று.

செவிப் பரிசோதனைக்குப் போனார். ஒரு சிறிய அறைக்குள் உட்காரவைத்துக் காதில் ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்கும்போது பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். பிறகு அந்தப் பெண் ஒரு வரைபடத்தைக் காட்டினாள். இடப்பக்கம் மேலே நேராக ஓடிய கோடு, வலப்பக்கம் போகப்போகச் சரிந்து விழுந்தது. தாழ்ந்த சத்தங்கள் நன்றாகக் கேட்கின்றன, உயர்ந்தவைதான் போய்விட்டன. அதனால் ஆள் கதைப்பது கேட்கும், என்ன கதைக்கிறார் என்பது பிடிபடாது. சிறுபிள்ளைகளின் குரல் எல்லாவற்றிலும் கஷ்டம். வயதும் காரணம், அந்தத் தொழிற்சாலை இரைச்சலும் காரணமாக இருக்கலாம் என்றாள்.

"நான் அதை எப்பிடி விளங்கிக்கொண்டனான் தெரியுமோ?" என்றார் ரீச்சர் என்னிடம். "எனக்கு உயிரெழுத்து எல்லாம் நிக்குது. மெய்யெழுத்துத்தான் போகுது. 'இனை' எண்டது வடிவாக் கேட்டிருக்கு. முன்னால வாறது 'வ்'வோ 'த்'தோ எண்டு காது சொல்லேல்ல. நான் அப்பத்தான் வினைப் பாதியைப் படிச்சு முடிச்சனான். அது மனசில நிண்டுது. காது விட்ட இடத்தை மனசு நிரப்பிப் போட்டுது. பழமொழியை முடிக்கச் சொல்லிப் பிள்ளையளைக் கேட்டன். நானே அந்தப் பிள்ளை சொன்னதைப் பிழையா முடிச்சுப் போட்டன்."

நிர்வாகக் குழு இதைச் சத்தமில்லாமல் முடிக்கத்தான் விரும்பியது. புள்ளியைத் திருத்தி, நிமலனுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினால் போதும் என்றார் அதிபர். ரீச்சரின் மரியாதையை நினைத்துத்தான் சொன்னார். ரீச்சர் மறுத்துவிட்டார்.

"மின்னஞ்சலில திருத்தினா, அந்த மண்டபத்தில இருந்தவைக்கு என்ன தெரியும்? அந்தப் பிள்ளைக்கு உச்சரிப்பு வராது எண்டு எல்லாரும் சொல்லிக்கொண்டு போனவை. அது என்ர வாயால வந்த கதை. என்ர வாயாலதான் மாற வேணும்."

அடுத்த சனிக்கிழமைக் காலைக் கூட்டத்தில், தேவாரம் முடிந்ததும் முன்னால் போய் நின்றார். பிள்ளைகளை இறக்கிவிட வந்த பெற்றோரையும் நிற்கச் சொல்லியிருந்தார்.

"போன கிழமை ஆரபி சொன்ன மறுபாதி முழுக்கச் சரி," என்றார். "எழுத்துச் சுத்தமாச் சொன்னவா. பிழை அவாவின்ர நாக்கில இல்லை. என்ர காதில. எனக்குக் காது குறைஞ்சு போச்சு, அது எனக்கே தெரியாமல் இருந்திட்டன். ஒரு பிள்ளை முன்னால வந்து சொன்னவா. நான் அவாவில கோவிச்சனான். அதுக்கும் சேர்த்து மன்னிப்புக் கேக்கிறன்."

பின்வரிசை அம்மா குழந்தையின் பையைத் தேவையில்லாமல் திறந்து மூடிக்கொண்டிருந்தார். ஆரபிக்கு இரண்டாம் பரிசு. ஏற்கெனவே இரண்டாம் பரிசு வாங்கிய பையனிடமிருந்து பறிக்காமல், இரண்டு பேருக்கும் என்று வைத்தார்கள். சிறப்புப் பரிசுக் கோப்பையை என்ன செய்வது என்று தெரியாமல் அதிபர் அதைக் காரிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார்.

ஆரபி பரிசைவிட வேறொன்றில் அக்கறையாக இருந்தாள். "ரீச்சர், உங்கட காதுக் கருவியை என்ன கலரில எடுக்கப் போறீங்கள்?"

"மயிர்க் கலர்தான். தெரியாமல் இருக்கட்டும்."

"ஏன் தெரியாமல்? தெரிஞ்சாத்தானே ஆக்கள் முன்னால வந்து கதைப்பினம்."

ரீச்சர் சாம்பல் நிறத்தில்தான் எடுத்தார். முதல் வாரம் முழுக்க அது மேசை இழுப்பறையில் கிடந்தது. போட்டால் தண்ணீர்க் குழாய் இரைகிறது, தாள் கசங்குவது முறிகிற சத்தமாய்க் கேட்கிறது, தன் செருப்பே தன்னைத் துரத்துகிறது என்று புலம்பினார். ஆரபிதான் பாடம் எடுத்தாள்: முதலில் வீட்டில், ஒரு ஆளோடு, கொஞ்ச நேரம், பிறகு கடை, சனக்கூட்டத்துக்குள் கடைசியாகப் போகலாம். "மூளைக்குப் பழக வேணும் ரீச்சர். எனக்கு எவ்வளவோ நாள் எடுத்தது. நான் அழுது கழட்டி எறிஞ்சனானாம். அப்பா நாய்க்கூட்டுக்குள்ள தேடி எடுத்தவராம்." ரீச்சர் அதைக் கேட்டுச் சிரித்தபடி ஒன்றைக் காதில் மாட்டினார்.

நடுவர் வேலையை விட்டுவிடுவேன் என்றுதான் ரீச்சர் நின்றார். ஆனால் கேள்வித்தாளை அவரைப்போலச் செய்ய ஆளில்லை. கடைசியில் இப்படி முடிவானது: தாள் அவருடையது. வாய்ச்சுற்றில் இரண்டு நடுவர்கள். மைக் வேண்டாம், மறுபடியும் வகுப்பறையில், முகம் பார்த்து. இரண்டு நடுவருக்கும் கேட்டது வேறுபட்டால், பிள்ளை தான் சொன்னதைப் பலகையில் எழுதிக் காட்டலாம். இந்தக் கடைசி விதியைப் பிள்ளைகள் விரும்பினார்கள். பெற்றோர்தான், எழுத்துப் பிழை வந்தால் என்ன செய்வது என்று கவலைப்பட்டார்கள்.

ஒக்டோபரில் பள்ளியின் நான்காம் தவணை தொடங்கிய முதல் சனிக்கிழமை, ரீச்சர் இரண்டு காதிலும் கருவியோடு வகுப்புக்கு வந்தார். நான் மார்க்கர் கேட்க அவர் அறைக்குப் போயிருந்தேன். ஒரு பையனை எழுப்பி முதல் பாதியைப் படித்துக்கொண்டிருந்தார். யானையையும் சறுக்கலையும் பற்றியது. பையன் கூரையைப் பார்த்து விழித்தான். பிறகு அவன் மளமளவென்று மறுபாதியைச் சொன்னான்.

ரீச்சர் அவனைப் பார்க்கவில்லை. கடைசி வரிசையைப் பார்த்தார். அங்கே இரண்டு பெண்பிள்ளைகள் சட்டென்று புத்தகத்துக்குள் குனிந்தார்கள்.

"அஷ்வினி," என்றார் ரீச்சர். "அவனுக்கு இப்ப நீர்தானே சொல்லிக் குடுத்தனீர்?"

அஷ்வினியின் வாய் திறந்தபடியே நின்றது.

"உங்களுக்கு... கேட்டதோ ரீச்சர்?"

"கேட்டது. அங்க இருந்து இஞ்ச வரைக்கும் ஒவ்வொரு எழுத்தும் கேட்டது." ரீச்சர் மேசையில் கையை ஊன்றிக்கொண்டார். "இத்தனை வருசமும் இப்பிடித்தானோ நீங்கள் எல்லாரும் நல்ல புள்ளி எடுத்தனீங்கள்?"

முன்வரிசையில் ஆரபி மட்டும் தலையை மேசையில் கவிழ்த்துக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள். கோபிப்பார் என்று பார்த்தேன். ரீச்சர் அந்தச் சிரிப்பைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு அவருக்கும் வந்துவிட்டது. சிரித்து, கண்ணைத் துடைத்து, பையனை உட்காரச் சொல்லிவிட்டு, அஷ்வினியை எழுப்பினார்.

"சரி, சொல்லிக் குடுக்கத் தெரிஞ்சவா, பொருளையும் சொல்லும் பாப்பம்."